‘வாரத்துக்கு ஒரு நாள்தான் தோழர்’

என் ஆய்வுக்காக ஒரு நகரத்தின் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் குடியிருப்புக்கு இரண்டு ஆண்டுகள் போய்வந்தேன். அவர்களுடைய கூலிக் கணக்கைத் தெரிந்துகொள்ளத்தான் போனேன். குடியைப் பற்றி எழுதும் எண்ணம் அப்போது எனக்கு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் தெருவில் ஒரு சாவு நடந்தது. அதற்குப் பிறகு கூலிக் கணக்கையும் குடிக் கணக்கையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இறந்தவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். வயது 38. எடை அறுபது கிலோவைத் தாண்டாது. அந்தச் சனிக்கிழமை முழுக்கக் கழிவுநீர்க் கால்வாயில் மண் அள்ளும் வேலை. மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டதோடு சரி. மாலை ஏழு மணிக்கு வாரக் கூலி கொடுத்தார்கள். “நாத்தம் போகணும்ல, வச்சுக்கோ” என்று சொல்லி மேஸ்திரி ஒரு குவார்ட்டரையும் கையில் கொடுத்தார். இன்னொரு குவார்ட்டரை அண்ணன் தன் காசில் வாங்கினார். கடை பத்து மணிக்குச் சாத்திவிடும். அதோடு சாலையோரத்தில் நின்று குடித்தால் போலீஸ் விரட்டும். அதனால் ஏழரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் இரண்டையும் முடித்துவிட்டார். வீட்டுக்கு நடந்தே வந்திருக்கிறார், மகளிடம் பேசியும் இருக்கிறார். திண்ணையில் மல்லாந்து படுத்தார். பதினொரு மணிக்குப் பார்த்தபோது ‘கொர் கொர்’ என்று பெரிதாகக் குறட்டை விட்டார் என்று அண்ணி சொன்னார். நன்றாகத் தூங்குகிறார் என்று நினைத்து விட்டுவிட்டார்கள். விடியற்காலை நாலு மணிக்கு உடம்பு சில்லிட்டுக் கிடந்தது. வாந்தி மூச்சுக்குழாயில் போய் அடைத்திருந்ததாகப் பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது.

சாவு வீட்டுக்கு வந்த மேஸ்திரி சொன்னது ஒரே வரி: “குடிச்சு செத்தவனுக்கு யார் என்ன பண்ண முடியும்?” தெருக்காரர்களும் அதைத்தான் வேறு சொற்களில் சொன்னார்கள். ஆனால் அண்ணி என்னிடம் கேட்ட கேள்விக்குப் பதில் தேடப் போனதுதான் இந்தக் கட்டுரை. “அவரு தினமும் குடிக்கிறவரு இல்ல தம்பி. வாரத்துக்கு ஒரு நாளுதான். எதிர் வீட்டுப் பெரியவரு தினமும் குடிக்கிறாரு, அவரு நல்லாத்தான இருக்காரு. இவரு எப்படிப் போனாரு?”

இந்தக் கேள்விக்கு ஒழுக்க போதனையில் பதில் கிடையாது. கணக்கில் இருக்கிறது.

குவார்ட்டர் என்பது எவ்வளவு?

டாஸ்மாக் கடையில் கிடைக்கும் பிராந்தி, ரம், விஸ்கி பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். குவார்ட்டர் 180 மில்லி. அதில் சுத்தமான ஆல்கஹால் 77 மில்லி. ஆல்கஹால் தண்ணீரைவிட எடை குறைந்தது என்பதால் எடைக் கணக்கில் ஏறத்தாழ 61 கிராம்.

இந்த 61 கிராமை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் தனியாக வகைப்படுத்துகிறது. மாதத்துக்கு ஒரு முறை அப்படிக் குடித்தாலும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுகிறது. இங்கிலீஷில் ‘பின்ஜ் டிரிங்கிங்’ என்று பரவலாகச் சொல்வது இதைத்தான். அமெரிக்காவின் தேசிய ஆல்கஹால் ஆய்வு நிறுவனம் இதையே இரத்த அளவை வைத்து வரையறுக்கிறது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள் 100 மில்லி இரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால் சேரும்படி குடித்தால் அது பின்ஜ். நான் இதை ஒரே அமர்வுக் குடி என்று சொல்கிறேன்.

அதாவது தமிழ்நாட்டு அரசு தன் கடையில் விற்கும் பிராந்தியில் எளிய மனிதன் வாங்கக்கூடிய மிகச் சிறிய பாட்டிலே ஒரு முழு பின்ஜ். ஒருவர் ஒரு குவார்ட்டர் வாங்கி ஒரே மூச்சில் முடித்தால், அவர் ‘கொஞ்சமாகக் குடித்தவர்’ என்று நம் ஊர் சொல்லும். உலகப் பொதுச் சுகாதாரத்தின் கணக்கில் அவர் ஏற்கெனவே அபாயக் கோட்டைத் தாண்டியவர். இரண்டு பேர் ஒரு குவார்ட்டரைப் பங்கு போட்டுக் ‘கட்டிங்’ அடித்தால் மட்டுமே தலைக்கு 30 கிராம் ஆகிறது. கட்டிங் போட ஆள் தேடிக் கடை வாசலில் நிற்பவரைச் சினிமாவில் காமெடியாகக் காட்டுவார்கள். உண்மையில் அந்தக் கடை வரிசையில் அளவாகக் குடிக்கப் பார்க்கிற ஒரே ஆள் அவர்தான்.

மொத்தம் ஒன்றே, உயரம் வேறு

இப்போது அண்ணியின் கேள்விக்கு வருவோம். வாரத்துக்கு இரண்டு குவார்ட்டர், அதாவது 122 கிராம் ஆல்கஹால் என்று வைத்துக்கொள்வோம். அறுபது கிலோ எடையுள்ள இரண்டு ஆண்கள். எதிர் வீட்டுப் பெரியவர் இதை ஏழு நாட்களுக்குப் பிரித்துத் தினம் இரவு ஒரு லார்ஜுக்கும் சற்றுக் குறைவாக, 50 மில்லி அளவில் குடிக்கிறார். அண்ணன் அவ்வளவையும் சனிக்கிழமை இரண்டு மணி நேரத்தில் குடிக்கிறார். வாரக் கடைசியில் இருவர் கணக்கும் ஒன்றுதான்.

குடித்த ஆல்கஹால் உடம்பில் இருக்கும் தண்ணீர் முழுவதிலும் பரவும். அறுபது கிலோ ஆணின் உடம்பில் இப்படிப் பரவ இடம் கிடைப்பது சுமார் நாற்பது லிட்டர். பெரியவர் ஒரு நாளில் குடிக்கும் 17 கிராம் இந்த நாற்பது லிட்டரில் கலந்தால், 100 மில்லி இரத்தத்துக்கு ஏறத்தாழ 44 மில்லிகிராம். அண்ணன் குடித்த 122 கிராம் கலந்தால் 300 மில்லிகிராமுக்குச் சற்று மேல்.

இதை வெளியேற்றுகிற வேலை பெரும்பாலும் கல்லீரலுடையது. கல்லீரலுக்கு ஒரு குணம் உண்டு. நிறைய வந்தால் வேகமாக வேலை செய்வோம் என்று அதற்குத் தெரியாது. ஆல்கஹாலைச் சிதைக்கும் நொதி கொஞ்சம் ஆல்கஹாலிலேயே முழுக் கொள்ளளவை எட்டிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு ஊற்றினாலும் வேகம் ஒன்றுதான். மணிக்குச் சராசரியாக 15 மில்லிகிராம் அளவுக்கு இரத்தத்தில் இறங்கும். ஆளுக்கு ஆள் இது கொஞ்சம் மாறும். மோர் குடித்தாலும், எலுமிச்சம்பழம் பிழிந்தாலும், தலையில் தண்ணீர் ஊற்றினாலும் இந்த வேகம் மாறாது.

ஆகவே பெரியவருடைய கல்லீரல் ஒவ்வோர் இரவும் மூன்று மணி நேரம் வேலை செய்து முடித்துவிடும். ஏழு நாளுக்கு 21 மணி நேரம். அண்ணனுடைய கல்லீரல் சனிக்கிழமை இரவு தொடங்கி ஞாயிறு மாலை வரை ஏறத்தாழ 20 மணி நேரம் வேலை செய்ய வேண்டும். கவனியுங்கள், கல்லீரல் உழைக்கும் நேரம் இருவருக்கும் ஒன்றேதான். மாறுவது இரத்தத்தில் ஆல்கஹால் ஏறி நிற்கும் உயரம். அது ஏழு மடங்கு.

அந்த உயரத்தில்தான் சாவு இருக்கிறது. ஒரே மாடிப்படியில் ஏழு நாள் ஏழு முறை ஒவ்வொரு படியாகத் தவறினால் கால் சுளுக்கும். ஒரே நாளில் ஏழு படியும் சேர்ந்து உருண்டால் மண்டை உடையும். இரண்டு கணக்கிலும் தவறிய படி ஏழுதான்.

44 மில்லிகிராமில் பேச்சு கொஞ்சம் கூடும், நிதானம் கொஞ்சம் குறையும். அந்த நிலையில் வண்டி ஓட்டினால் சட்டப்படி குற்றம். நம் நாட்டில் வரம்பு 30 மில்லிகிராம்தான். ஆனால் மூச்சு நிற்காது. 150ஐத் தொட்டால் கால் பின்னும். 250க்கு மேல் போகும்போது ஆல்கஹால் மூளையின் அடித்தண்டு வரைக்கும் கை நீட்டுகிறது. மூச்சை விடாமல் இயக்குவதும், தொண்டையில் ஏதாவது வந்தால் ஓங்கரித்துத் தள்ளுவதும் அந்த இடத்தின் பொறுப்பு. இந்த இரண்டும் மங்கிய நிலையில் வயிறு வாந்தியைத் தள்ளினால், மல்லாந்து படுத்திருப்பவருக்கு அது நேராக மூச்சுக்குழாய்க்குள் போகும். தொண்டைத் தசை தளர்ந்து காற்று வழி பாதி அடைபடும்போது வரும் சத்தம்தான் அந்தக் ‘கொர் கொர்’. அண்ணி கேட்ட குறட்டை அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

வீட்டுக்கு நடந்துவந்து பேசியவர் எப்படி இந்த நிலைக்குப் போனார்? கடைசி மூடியைக் கவிழ்த்த பிறகும் வயிற்றிலும் குடலிலும் இருப்பது இரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரைகூட ஆகலாம். ஒன்பதரைக்கு வீட்டு வாசலில் நின்றபோது இருந்த அளவைவிடப் பத்தரைக்குத் தூக்கத்தில் இருந்தபோது அளவு கூடுதலாக இருந்திருக்கும். எவ்வளவு வேகமாகக் குடிக்கிறோமோ அவ்வளவு பெரிதாக இந்த இடைவெளி இருக்கும். குடிப்பவருக்கே தன் உச்சம் எது என்று தெரியாது. அது வரும்போது அவர் விழித்திருக்க மாட்டார்.

இன்னொன்றும் உண்டு, இது உழைக்கிற உடம்புக்கே உரியது. நாள் முழுக்கக் கால்வாயில் நின்று, மதியத்துக்குப் பிறகு சாப்பிடாதவருக்குக் கல்லீரலில் சேமித்த சர்க்கரை தீர்ந்துபோயிருக்கும். அந்த நேரத்தில் கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரித்து மூளைக்கு அனுப்பும். ஆல்கஹாலைச் சிதைக்கும் வேலை அந்தத் தயாரிப்பைத் தடுக்கிறது. இரத்தச் சர்க்கரை சரியும், மயக்கம் வரும். வெளியிலிருந்து பார்த்தால் அதுவும் போதைத் தூக்கம் போலவே தெரியும். அதே இரண்டு குவார்ட்டரைக் கறிச்சோறோடு ஐந்து மணி நேரம் உட்கார்ந்து குடித்தவருக்கு உச்சம் தணிவாக இருக்கும். வெறும் வயிற்றில், நின்றுகொண்டு, போலீஸுக்குப் பயந்து, கடை சாத்துவதற்குள் குடித்தவருக்கு அந்த வசதி இல்லை. ஒரே மொத்தம் இரண்டு உடம்பில் இரண்டு விதமாக வேலை செய்வதற்கு வர்க்கமும் சாதியும் காரணமாவது இப்படித்தான்.

எதிர் வீட்டுப் பெரியவர் பாதுகாப்பாக இருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. தினக் குடி அடிமைப்படுத்தும், வருடக்கணக்கில் கல்லீரலைச் சுருக்கும். புற்றுநோயைப் பொறுத்தவரை ஆல்கஹாலுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. அவர் வேறு வழியில், மெதுவாகப் போய்க்கொண்டிருக்கிறார். அண்ணன் ஒரே இரவில் போனார். குடியின் ஆபத்து மொத்த அளவில் மட்டும் இல்லை, அமர்விலும் இருக்கிறது என்பதுதான் என் வாதம். நம் ஊரில் மொத்தத்தைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அமர்வைப் பற்றிப் பேச ஆளில்லை.

‘குடிகாரன்’ என்ற சொல் யாரைக் காப்பாற்றுகிறது?

ஏன் ஆளில்லை? நம் மொழியில் குடியை அளக்கும் அலகு கிராம் இல்லை, மனிதன். ‘குடிகாரன்’, ‘குடிக்காதவன்’ என்று இரண்டே பெட்டி. சேரிக்காரன் என்றால் முதல் பெட்டியில் பிறக்கும்போதே போட்டுவிடுவார்கள். அபார்ட்மென்ட் மாடியில் சனிக்கிழமை இரவு அரை பாட்டில் விஸ்கியை முடிப்பவர் ‘சோஷியல் டிரிங்கர்’. அவர் இரத்தமும் அதே 250ஐத் தொடுகிறது. அவரைக் கைத்தாங்கலாகக் காரில் ஏற்ற நண்பர்கள் இருக்கிறார்கள், அருகில் மருத்துவமனை இருக்கிறது. ஆகவே அது செய்தி ஆவதில்லை.

ஒருவனைக் குடிகாரன் என்று சொல்லிவிட்டால் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் செத்துப்போகும். அன்று எவ்வளவு நேரத்தில் குடித்தார், சாப்பிட்டாரா, அந்தப் பாட்டிலை யார் கொடுத்தது, கூலி ஏன் வாரக் கடைசியில் மொத்தமாக வந்தது என்று எதையும் கேட்க வேண்டியதில்லை. குணம் சரியில்லை, செத்தான் என்று முடிந்துவிடும். மேஸ்திரிக்கு வேண்டியது அந்த ஒரு சொல்தான்.

சாக்கடைக் குழிக்குள் விழுந்து செத்தவரின் குடும்பத்துக்கு 10 லட்ச ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அந்தப் பணத்தை வாங்குவதற்கே குடும்பங்கள் வருடக்கணக்கில் நடக்கின்றன. குழிக்குள் சாவது குறைந்தபட்சம் சட்டத்தின் கண்ணில் ஒரு சாவு. குழியின் விளிம்பில் கூலியோடு கையில் திணிக்கப்பட்ட பாட்டில், அன்றிரவு வீட்டுத் திண்ணையில் ஆளை எடுத்தால், அது எந்தக் கணக்கிலும் வராது. கூலியைப் பணமாகத்தான் கொடுக்க வேண்டும் என்று இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. ‘நாத்தம் போக’ கொடுத்த குவார்ட்டர் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது? கையுறையும் காலணியும் முகக்கவசமும் கொடுக்க வேண்டிய இடத்தில் பிராந்தியைக் கொடுத்தார்கள். மலிவான பாதுகாப்புக் கருவி அது. அந்த வேலையை அந்தச் சாதிதான் செய்ய வேண்டும் என்று வைத்திருக்கிற சமூகம், அந்த வேலையைச் செய்ய மனம் மரத்துப்போகும் மருந்தையும் தானே விநியோகிக்கிறது. பிறகு அந்த மருந்தைக் குடித்ததற்காகவே அவனை இழிவு செய்கிறது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்தது வேறு. அங்கே சாராயத்தில் மெத்தனால் என்ற விஷம் கலந்திருந்தது. அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு நாடு திரும்பிப் பார்த்தது. அண்ணன் குடித்ததில் கலப்படம் எதுவும் இல்லை. லேபிள் ஒட்டி, வரி கட்டி, பில் போட வேண்டிய நல்ல சரக்குதான். நல்ல சரக்கால் தனித்தனியாக, ஞாயிறு விடியலில் ஒவ்வொரு தெருவிலும் நடக்கும் சாவுக்குக் கேமரா வருவதில்லை.

நம் அறைகளுக்கு வருவோம்

இதைப் படிக்கும் தோழர்களில் பலர் கூட்டம் முடிந்த இரவுகளில் என்னோடு உட்கார்ந்தவர்கள். ‘வாரத்துக்கு ஒரு நாள்தான் தோழர்’ என்பதை அண்ணியிடம் கேட்பதற்கு முன்பே நான் நம் அறைகளில் நூறு முறை கேட்டிருக்கிறேன், சொல்லியும் இருக்கிறேன். அந்த வாக்கியம் ஒரு தற்காப்பு. அது மொத்தத்தைப் பற்றிப் பேசுகிறது, அமர்வை மறைக்கிறது. ஆறு நாள் ‘சேமித்தது’ ஏழாம் நாளுக்குக் கடன் தராது. கல்லீரலிடம் அப்படி ஒரு கணக்குப் புத்தகம் இல்லை. தினமும் காலி ஸ்லேட்டோடு தொடங்கி, மணிக்குப் பதினைந்து என்று அழிக்கும். அவ்வளவுதான்.

பீர்தானே என்பவர்களுக்கும் ஒரு கணக்கு. 650 மில்லி ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம் என்றால் 41 கிராம். மூன்று பாட்டில் குடித்தால் 123. அதாவது அதே இரண்டு குவார்ட்டர்.

ஆணும் பெண்ணும் சமமாகக் குடிப்பதுதான் சமத்துவம் என்று நினைக்கிற அறைகளும் உண்டு. பெண் உடம்பில் சராசரியாகத் தண்ணீரின் பங்கு குறைவு. ஐம்பது கிலோ எடையுள்ள தோழிக்கு ஒரே ஒரு குவார்ட்டரிலேயே, சுமார் 27 லிட்டரில் 61 கிராம் என்று போட்டால், 220 மில்லிகிராம் வரை போகும். அவருக்குப் பெண் என்பதால் குடிக்கக் கூடாது என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் ‘ஒரே ரவுண்டு, எல்லாருக்கும் சமம்’ என்று கிளாஸை நீட்டுபவர் சமத்துவத்தை நீட்டவில்லை.

பெரும்பாலும் வேகமாக ஏறும்போது நடக்கும் இன்னொன்றை நாம் சிரித்துக் கடந்துவிடுகிறோம். ‘நேத்து நைட்டு என்ன நடந்துச்சுன்னே ஞாபகம் இல்ல மச்சான்.’ அது தூக்கம் இல்லை. நடந்துகொண்டும் பேசிக்கொண்டும் இருக்கும்போதே மூளையின் நினைவு பதியும் பகுதி பதிவை நிறுத்திவிட்ட நிலை. எதிரில் இருப்பவருக்கு அது தெரியாது. அந்த நிலையில் ஒருவர் சொல்லும் ‘சரி’ சம்மதம் ஆகாது. பாலியல் ஒழுங்கு பற்றி விசாரணைக் குழு அமைக்கும் அமைப்புகள் முதலில் தங்கள் அறையின் கிளாஸ் வேகத்தைப் பார்க்க வேண்டும்.

இதயத்துக்கும் இந்த உயரம் பிடிக்காது. வாரக் கடைசியிலும் விடுமுறையிலும் மொத்தமாகக் குடித்துவிட்டு, இதயம் தாறுமாறாகத் துடிக்கிறது என்று மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றி பிலிப் எட்டிங்கர் என்ற அமெரிக்க மருத்துவரும் அவரோடு பணிபுரிந்தவர்களும் 1978இல் எழுதினார்கள். ‘ஹாலிடே ஹார்ட்’ என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். அதற்கு முன்பு இதய நோய் இல்லாதவருக்கும் இது வரும்.

இனி, செய்ய வேண்டியது. சில வருடங்களுக்கு முன் எங்கள் விடுதி அறையில் ஒரு நண்பன் மட்டையானான். ‘தூங்கட்டும் விடு’ என்று எல்லாரும் எழுந்தோம். செவிலியர் படிப்பு படித்த ஒரு தோழி மட்டும் போகவில்லை. அவனைக் கிள்ளிப் பார்த்தாள், தோளை உலுக்கிப் பார்த்தாள், முனகல்கூட வரவில்லை. மூச்சை எண்ணினாள். ஒரு நிமிடத்துக்கு ஏழு. நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவாக மூச்சு வந்தாலோ, இரண்டு மூச்சுக்கு நடுவில் பத்து நொடிக்கு மேல் இடைவெளி விழுந்தாலோ அது தூக்கம் இல்லை, நஞ்சு என்றாள். உதட்டின் உட்பக்கத்தையும் நகத்தையும் பார்க்கச் சொன்னாள், கறுத்த தோலில் நீலம் பாய்வது அங்கேதான் தெரியும். நீலம் பாய்ந்திருந்தது. இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல் காலை மடக்கி முட்டுக்கொடுத்து, முகத்தைக் கீழ்ப்பக்கம் சாய்த்தாள். 108க்குக் கூப்பிட்டோம். வண்டி வருவதற்குள் அவன் வாந்தி எடுத்தான். அது தரையில் போனது, நுரையீரலுக்குள் போகவில்லை. அவன் இன்றைக்கு ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறான்.

அவனுக்கும் அண்ணனுக்கும் குடித்த அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒருக்களித்துப் படுக்கவைக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தார் என்பதுதான் வித்தியாசம். மயங்கியவர் வாயில் மோர், காபி, சர்க்கரைத் தண்ணீர் எதையும் ஊற்றாதீர்கள். விரலை விட்டு வாந்தி எடுக்கவைக்காதீர்கள். தனியே விட்டுப் போகாதீர்கள். ‘எனக்கெல்லாம் ஏறாது’ என்பவரை நம்பாதீர்கள். பழகிய உடம்புக்குப் போதை தெரிவது குறையும். இரத்தத்தில் இருக்கும் அளவு அப்படியே இருக்கும். இரவு பத்து மணிக்கு முடித்த இரண்டு குவார்ட்டரில் பாதிக்கு மேல் காலை ஆறு மணிக்கும் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது பைக் சாவியை எடுக்காதீர்கள். இதே மூச்சில் ஒன்று: வருடக்கணக்கில் தினமும் நிறையக் குடிப்பவரை இந்தக் கட்டுரையைக் காட்டி ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள். அவருக்கு வலிப்பு வரலாம், புத்தி பேதலிக்கலாம், உயிரும் போகலாம். அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

அளவைப் பற்றி அரசைக் கேட்போம்

2003இல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் கையில் எடுத்ததிலிருந்து, இந்த மாநிலத்தில் சாமானியன் எந்த அளவில், எந்த நேரத்தில், எந்த இடத்தில் குடிக்க வேண்டும் என்பதை அரசுதான் தீர்மானிக்கிறது. 2023இல் மதுவிலக்குத் துறை அமைச்சர் 90 மில்லி டெட்ரா பேக் பற்றிப் பேசினார். ஒரு தரப்பு ‘குடியை வளர்க்கிறார்கள்’ என்றது, இன்னொரு தரப்பு ‘விற்பனை உத்தி’ என்றது. 180 மில்லியே ஒரு பின்ஜ் என்பதை இரண்டு தரப்பும் பேசவில்லை. பக்கத்திலிருக்கும் கர்நாடகத்தில் 90 மில்லி பொட்டலம் நெடுநாளாக விற்கிறது, அதனால் அங்கே பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. நாலு பொட்டலம் வாங்கினால் அதே இரண்டு குவார்ட்டர்தான். அளவைச் சிறிதாக்குவது மட்டும் போதாது. ஆனால் சிறிய அளவே இல்லாத கடையில் ‘அளவாகக் குடி’ என்று யாரிடமும் சொல்ல முடியாது.

ஆகவே நம் கோரிக்கைகள் இப்படி இருக்கட்டும். ஒவ்வொரு பாட்டிலிலும் சதவீதத்தோடு எத்தனை கிராம் என்பதும், ஒரே அமர்வின் அபாயக் கோடு எது என்பதும் தமிழில் பெரிதாக இருக்க வேண்டும். தூய்மைப் பணியிலும் கட்டட வேலையிலும் கூலியின் பகுதியாகவோ இனாமாகவோ மது கொடுக்கும் ஒப்பந்ததாரரின் ஒப்பந்தம் ரத்தாக வேண்டும், அதனால் நேரும் சாவு பணியிடச் சாவாகக் கணக்கில் வர வேண்டும். மது விற்கும் ஒவ்வோர் இடத்திலும் மூச்சு எண்ணுவதும் ஒருக்களித்துப் படுக்கவைப்பதும் படம் போட்டு ஒட்டப்பட வேண்டும்.

1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அண்ணல் அம்பேத்கர் மக்களுக்குக் கொடுத்த 22 உறுதிமொழிகளில் மது அருந்த மாட்டேன் என்பதும் ஒன்று. அதை நாம் சாதி இந்துக்களின் ‘சேரிக்காரன் திருந்த வேண்டும்’ என்ற குரலில் வாசிக்கத் தேவையில்லை. நம் உடம்பு நம்முடையது, அதை மரத்துப்போகச் செய்து வேலை வாங்க எவனுக்கும் உரிமை இல்லை என்று வாசிக்கலாம். குடிப்பதும் விடுவதும் உங்கள் முடிவு. முடிவெடுப்பவர் கையில் கணக்கு இருக்க வேண்டும் என்பதே என் தரப்பு.

போன மாதம் அண்ணியைப் பார்க்கப் போனேன். இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். ஏழு சிறு கோடுகள், பக்கத்தில் ஒரே ஒரு உயரமான கோடு. நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப அவரு கெட்டவரு இல்லதானே தம்பி” என்றார். இல்லை என்றேன். பிறகு கேட்டார்: “அன்னைக்கு ராத்திரி திருப்பிப் படுக்கவச்சிருந்தா?” அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தத் தாளை மடித்து, ரேஷன் கார்டு வைக்கும் பையில் போட்டுவைத்துக்கொண்டார்.